கன்னத்து இடைவெளியும் உறைந்த எண்ணெயும்: மலையகக் குளிரில் தாடி வளர்ப்பது

பூண்டுலோயாவிலும் அதைச் சுற்றியுள்ள டன்சினேன், ஷீன் தோட்டங்களிலும் குளிர் மாதங்களில் தேங்காய் எண்ணெயை யாரும் போத்தலிலிருந்து ஊற்றுவதில்லை. ஈர்க்குச்சியை விட்டுச் சுரண்டி எடுப்பார்கள், அல்லது போத்தலை அடுப்போரம் கொஞ்ச நேரம் வைத்திருப்பார்கள். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியஸில் உறையத் தொடங்கும். மலையகத்து இரவுகளும் காலைகளும் அந்த அளவுக்கு வெகு கீழே இருப்பவை. தாடி வளர்க்கும் இளைஞர் இந்தச் சின்ன விஷயத்தைத்தான் முதலில் மனதில் வைக்க வேண்டும். தாடி எண்ணெய் பற்றி வரும் அறிவுரைகள் பெரும்பாலும் சென்னை வெயிலுக்கும் கொழும்பு வெக்கைக்கும் எழுதப்பட்டவை. 'உள்ளங்கையில் மூன்று சொட்டு விட்டுத் தேய்க்கவும்' என்று போத்தலில் அச்சடித்திருக்கும். இங்கே சொட்டு விழாது.

தாடி மோகம் மலையகத்துக்கு வந்த வழி சினிமாதான். 2015இல் வந்த 'பிரேமம்' படத்தில் கறுப்புச் சட்டையும் தாடியுமாக வந்த நிவின் பாலி மலையாளம் தெரியாத தமிழ் இளைஞர்களையும் பிடித்துக்கொண்டார். 2018இல் 'கே.ஜி.எஃப்.' யாஷின் அடர்ந்த தாடியைக் கொண்டுவந்தது. அந்த ஆண்டுகளிலேயே இந்தியாவில் தாடிக்கென்று தனிக் கம்பனிகள் முளைத்தன. அவற்றுள் பேர்பெற்றது அகமதாபாத்தில் தொடங்கிய 'பியர்டோ'. பாராசூட் தேங்காய் எண்ணெயை விற்கும் மும்பையின் மரிக்கோ கம்பனி 2017இல் அதில் 45 சதவீதப் பங்கை வாங்கியது. 2020இல் முழுவதையும் வாங்கிக்கொண்டது. வேடிக்கையாகப் பார்க்க வேண்டிய செய்தி அல்ல இது. தலைமுடிக்குத் தேங்காய் எண்ணெய் உண்மையில் என்ன செய்கிறது என்று காட்டிய, இன்றும் மேற்கோள் காட்டப்படுகிற ஆய்வும் அதே மரிக்கோவின் ஆய்வுக்கூடத்திலிருந்துதான் வந்தது. ரேலே, மொஹிலே என்ற இருவர் 2003இல் அதை வெளியிட்டார்கள். தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் முடியில் தடவிப் பார்த்ததில், தேங்காய் எண்ணெய் ஒன்றே முடியின் புரதம் கழுவலில் கரைந்து போவதைக் குறைத்தது. அதிலுள்ள லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியதும் நேரானதுமாக இருப்பதால் முடித்தண்டுக்குள் புகுந்துவிடுகிறது என்பது அவர்கள் சொன்ன காரணம்.

ஆய்வு சொன்னது அவ்வளவுதான். ஏற்கெனவே இருக்கும் முடி சேதமாகாமல் காக்கும் என்றது. இல்லாத இடத்தில் முளைக்கும் என்று சொல்லவில்லை. கன்னத்தில் இடைவெளி விழுந்த தாடியோடு கடைக்குப் போகும் இளைஞருக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருந்தால் பாதிப் பணம் மிச்சம்.

ஏன் முளைக்காது? ஆண்களின் முகம் முழுக்கப் பிஞ்சு ரோமம் உண்டு. பருவம் வந்ததும் உடலின் ஆண் ஹார்மோன் முடிக்குழிகளைத் தூண்டி, அந்தப் பிஞ்சு ரோமத்தைத் தடித்த கறுத்த முடியாக மாற்றுகிறது. எல்லாக் குழிகளும் ஒரே நேரத்தில் அந்தத் தூண்டலுக்குச் செவி கொடுப்பதில்லை. மேலுதடும் தாடையும் முந்திக்கொள்ளும். வாயின் இரு ஓரங்களும் நடுக்கன்னமும் பிந்தும். எந்தக் குழி எவ்வளவு உணர்வோடு இருக்கும் என்பதைப் பெரும்பாலும் பிறப்புவழி தீர்மானிக்கிறது. இடைவெளித் தாடி உள்ள பலருக்கு இரத்தத்தில் ஹார்மோன் அளவு சரியாகவே இருக்கும். குறை 'ஆண்மை'யில் இருப்பதாக லயத்துப் பேச்சில் சொல்லப்படுவதற்கு அடிப்படை இல்லை. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தாடி இருபது வயதில் முடிவடைந்துவிடுவதில்லை. முப்பதை ஒட்டிய ஆண்டுகள் வரை அது அடர்ந்துகொண்டே போகும். இருபத்தொரு வயதில் கன்னத்தில் வெறுமை உள்ளவர் தகப்பனின் அல்லது தாய்மாமனின் இருபத்தெட்டு வயதுப் படத்தைத் தேடிப் பார்த்தால் ஓரளவு முன்னோட்டம் கிடைக்கும்.

எண்ணெயைப் பற்றிப் பேசுமுன் இடைவெளி எந்த வகை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தாடி வந்த நாள் முதலாக, இரு கன்னத்திலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் முடி ஐதாக இருந்தால் அது வளர்ச்சியின் இயல்பு. நேற்று வரை முடி இருந்த இடத்தில் திடீரென ஒரு ரூபாய்க் குற்றி அளவில் வழுவழுப்பான வட்டம் விழுந்தால் அது புழுவெட்டு. எந்தப் புழுவும் வெட்டுவதில்லை. உடலின் எதிர்ப்புச் சக்தியே முடிக்குழியைத் தாக்குவதால் வருவது அது. வட்டத்தின் விளிம்பில், அடி மெலிந்து நுனி தடித்த குட்டை முடிகள் நிற்பது அதன் அடையாளம். மூன்றாவது வகை படர்தாமரை. சொறி, செதில், சிவப்பு, சில வேளை சீழ்க்கொப்புளம் இருக்கும். முடியைப் பிடித்து இழுத்தால் வலியில்லாமல் கையோடு வந்துவிடும். இது தோட்டப்புறத்தில் தனிக்கவனம் வேண்டியது, ஏனென்றால் தாடியில் வரும் படர்தாமரையின் ஒரு வகை மாட்டிலிருந்து மனிதருக்கு ஒட்டுவது. லயத்துக்குப் பின்னால் பட்டி வைத்துப் பால் கறக்கிறவர், மாட்டின் வயிற்றில் தலையைச் சாய்த்துக்கொண்டு கறக்கிற பழக்கம் உள்ளவர், கன்னத்தில் இப்படிக் கண்டால் தாடி எண்ணெயும் வேண்டாம், பார்மசியில் கேட்டு வாங்கும் ஸ்டீரோய்ட் களிம்பும் வேண்டாம். அந்தக் களிம்பு சொறியை இரண்டு நாள் அடக்கி, பூஞ்சையை வளர்த்துவிடும். புழுவெட்டும் படர்தாமரையும் அரசு மருத்துவமனையின் தோல் பிரிவில் காட்ட வேண்டியவை.

புழுவெட்டுக்குச் சின்ன வெங்காயம் தேய்ப்பது நம் பாட்டிமார் சொன்னது. ஈராக்கில் நடந்து 2002இல் வெளிவந்த ஒரு சின்ன ஆய்வு வெங்காயச் சாறு தேய்த்தவர்களில் பெரும்பாலோருக்கு முடி திரும்பியதாகச் சொன்னது. ஆனால் புழுவெட்டு தானாகவும் மாறக்கூடியது. ஆய்வில் இருந்தவர்களோ மிகக் குறைவு. அதை எடுத்துக்கொண்டுபோய்ப் பிறவியிலேயே ஐதான கன்னத்தில் வெங்காயம் தேய்ப்பதில் எரிச்சலைத் தவிர வேறு எதுவும் வராது.

இனி எண்ணெய். இடைவெளித் தாடிக்காரர் எண்ணெய் பூசுவதில் செய்யும் பெரிய தவறு முடிக்குப் பூசுவது. முடி ஐதாக உள்ள இடத்தில் எண்ணெய் கூடினால் பக்கத்துப் பக்கத்து முடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கற்றையாகும். கற்றைக்கும் கற்றைக்கும் நடுவில் தோல் வெளுத்துத் தெரியும். காலையில் கண்ணாடி முன் நின்று 'எண்ணெய் வைத்தும் ஐதாகத்தான் இருக்கிறது' என்று இன்னும் கொஞ்சம் வைத்தால், இன்னும் ஐதாகும். எண்ணெயின் வேலை தோலில். டிசம்பரிலிருந்து பெப்ரவரி வரை மலையில் வீசும் குளிர்ந்த உலர் காற்று முகத்தோலை வெடிக்கச் செய்கிறது. சவர்க்காரம் போட்டுக் கழுவினால் மேலும் காயும். வறண்ட தோல் அரிக்கும். அரிப்பு தாங்காமல் மூன்றாம் வாரத்திலேயே பலர் தாடியை வழித்துவிடுகிறார்கள். இடைவெளியை மறைக்கும் நீளம் வருவதோ நான்காம், ஐந்தாம் வாரத்தில். அரிப்பை அடக்கி அந்த இரண்டு வாரத்தைக் கடக்க வைப்பதுதான் எண்ணெயால் கிடைக்கும் உண்மையான பலன்.

அதற்குத் தேங்காய் எண்ணெயே போதும். முகத்தைக் கழுவித் துடைத்து, ஈரம் முழுக்கக் காய்வதற்குமுன், உறைந்த எண்ணெயில் ஒரு பச்சைப்பயறு அளவு எடுத்து இரு உள்ளங்கைக்கும் நடுவில் தேய்த்தால் உடல் சூட்டில் உருகிவிடும். விரல் நுனிகளைத் தாடிக்குள் விட்டுத் தோலில் தடவ வேண்டும். கையில் எஞ்சியிருப்பது மட்டும் முடிக்கு. இரவில் வைப்பது காலையில் வைப்பதைவிட நல்லது. விடியும்போது தோல் எடுத்துக்கொண்டிருக்கும், முடி கற்றையாகத் தெரியாது.

தேங்காய் எண்ணெய் எல்லோருக்கும் ஒத்துவராது. பரு வரும் தோலில் அது துளைகளை அடைக்கும். தாடிக்குள் பொடுகு செதிலாக உதிர்கிறவர்களுக்கும் ஆகாது, ஏனென்றால் பொடுகுக்குக் காரணமான பூஞ்சை எண்ணெய்க் கொழுப்பைத் தின்று வளர்வது. அவர்கள் முதலில் கீட்டோகொனசோல் ஷாம்புவை வாரம் இரண்டு முறை தாடியில் நுரைத்து, ஐந்து நிமிடம் விட்டுக் கழுவிப் பொடுகை அடக்க வேண்டும். பிறகு ஹொஹோபா எண்ணெய் கிடைத்தால் அதைப் பூசலாம். எண்ணெய் என்று பேர் இருந்தாலும் அது திரவ நிலையில் உள்ள மெழுகு. குளிரிலும் எளிதில் உறையாது. கடைகளில் வரும் தாடி எண்ணெய்களில் பல இதையும் ஆர்கன் எண்ணெயையும் அடிப்படையாகக் கொண்டவை. அந்தப் போத்தலுக்குக் கொடுக்கும் விலையில் ஓரளவு நியாயம் இருப்பது இந்த ஓரிடத்தில்தான்.

ஆமணக்கெண்ணெய் பற்றி நம்பிக்கை அதிகம். 'விளக்கெண்ணெய் தேய்த்தால் புருவமே வளரும்' என்பார்கள். அது கெட்டியானது, பளபளப்புத் தருவது. பூசிய முடி தடித்துத் தெரிவதால் வளர்ந்ததுபோல் இருக்கும். முகத்தில் முடி முளைக்க வைத்ததற்கு நம்பத்தக்க சான்று கிடையாது. ரோஸ்மேரி எண்ணெய்க்கு ஈரானில் நடந்து 2015இல் வந்த ஆய்வு ஒன்று உண்டு. ஆனால் அது தலைவழுக்கையில் செய்தது, தாடியில் அல்ல. புதினா எண்ணெய்க்குக் காட்டப்படும் கொரிய ஆய்வு எலிகளின் முதுகில் நடந்தது. வாசனைக்காகச் சேர்ப்பவர்கள் அளவைக் கவனிக்க வேண்டும்: 30 மில்லி எண்ணெய்க்கு ஆறு சொட்டு என்பது ஏறத்தாழ ஒரு சதவீதம், முகத்துக்கு அதற்குமேல் வேண்டாம். இலங்கையில் தாராளமாகக் கிடைக்கும் கறுவா எண்ணெயை முகத்துக்குக் கொண்டுபோகவே கூடாது. தோலில் ஒவ்வாமை உண்டாக்குவதில் அது முன்வரிசையில் நிற்பது. தேசிக்காயும் அப்படித்தான். தேசிச்சாறோ அதன் எண்ணெயோ பட்ட தோலில் வெயில் விழுந்தால் கொப்புளித்து, மாதக்கணக்கில் கறுப்புத் தழும்பாக நிற்கும். மலையில் வெயில் குளிராகத் தெரிந்தாலும் அதன் புறஊதாக் கதிர் சமவெளியைவிடக் கடுமையானது.

தாடி பாம் வேறு சங்கதி. தலைவலிக்கும் தடிமனுக்கும் பூசும் பாம் இல்லை இது. தேன்மெழுகும் எண்ணெயும் சேர்ந்த பசை. இடைவெளித் தாடிக்கு எண்ணெயைவிட இதனால்தான் கண்ணுக்குத் தெரியும் பயன் அதிகம். மெழுகு முடியைப் படிய வைத்துப் பிடித்துக்கொள்ளும். வாயோரத்து வெறுமைக்கு மேலே மீசையின் நுனியை இறக்கிவிடலாம். நடுக்கன்னத்து ஐதின் மேல் காதோரத்து முடியைச் சாய்த்துவிடலாம். பாம் இல்லாமல் சீப்பால் வாரிவிட்டது பனிக்காற்றில் பத்து நிமிடம் நிற்காது. ஆனால் வாரி மறைக்க முடி நீளமாக இருக்க வேண்டும். 10 மில்லிமீட்டருக்குக் குறைந்த தாடிக்குப் பாம் வாங்குவது வீண்செலவு.

வாங்காமல் செய்தும் கொள்ளலாம். சமவெளிக் குறிப்புகளில் ஒரு பங்கு மெழுகுக்கு மூன்று பங்கு எண்ணெய் என்றிருக்கும். அதை அப்படியே பூண்டுலோயாவில் செய்தால் டப்பாவுக்குள் மெழுகுவர்த்திதான் இருக்கும், நகம் இறங்காது. இங்கே எண்ணெயே பாதி உறைந்து கிடப்பதால் மெழுகைக் குறைக்க வேண்டும்: 5 கிராம் தேன்மெழுகு, 15 கிராம் தேங்காய் எண்ணெய், 10 கிராம் நல்லெண்ணெய். நல்லெண்ணெய் குளிரிலும் ஓடும் என்பதால் பசை இளகியிருக்கும். ஒரு சின்னக் கிண்ணத்தில் மூன்றையும் போட்டு, அந்தக் கிண்ணத்தைச் சூடான தண்ணீருள்ள பாத்திரத்தில் வைக்க வேண்டும். தேன்மெழுகு 62 முதல் 64 பாகையில் உருகும், ஆகவே நேரடி நெருப்பு தேவையில்லை. உருகியதும் ஒரு சொட்டைக் குளிர்ந்த கரண்டியின் முதுகில் விட்டுப் பார்க்கலாம். இரண்டு நிமிடத்தில் விரலால் தொட்டால் நெய்போல் வழிந்தால் மெழுகு போதாது. சுரண்டினால் பொருக்காக உடைந்தால் எண்ணெய் போதாது. சரிசெய்து டப்பாவில் ஊற்றி மூடி வைத்தால் இரண்டு மூன்று மாதம் தாங்கும். மெழுகுவர்த்தியை உருக்கிச் சேர்ப்பது கூடாது. அது பெற்றோலிய மெழுகு. பிடிமானம் இராது, திட்டுத்திட்டாக உதிரும்.

எண்ணெய்க்கும் பாமுக்கும் சேர்த்து எடுத்துவைத்த பணத்தில் பெரும்பங்கு உண்மையில் டிரிமருக்குப் போக வேண்டும். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2024 செப்டம்பர் வர்த்தமானியில் 1,350 ரூபாயாக உயர்ந்தது. மாதாமாதம் ஒரு தாடி எண்ணெய் வாங்கினால் ஆண்டு முடிவில் நல்ல டிரிமர் ஒன்றின் விலை போயிருக்கும். இடைவெளித் தாடியின் தோற்றத்தை மாற்றுவது எண்ணெய் இல்லை, நீளம். எந்த இடத்தில் எத்தனை மில்லிமீட்டர் விடுவது என்பதே கலை.

கண் கன்னத்தைப் பார்க்கும்போது முடியை எண்ணுவதில்லை, கறுப்பின் அடர்த்தியைத்தான் பார்க்கிறது. அடர்ந்த தாடையில் 2 மில்லிமீட்டர் முடி தரும் கறுப்பை, ஐதான கன்னத்தில் 3 அல்லது 4 மில்லிமீட்டர் முடி தரும். ஆகவே ஐதான இடத்தை நீளமாக விட்டு, அடர்ந்த இடத்தைக் கட்டையாக்க வேண்டும். பெரும்பாலோர் இதற்குத் தலைகீழாகச் செய்கிறார்கள். கன்னம் சரியில்லை என்று கன்னத்தை வெட்டி, அழகாக இருக்கிறது என்று தாடையை நீட்டுகிறார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அதனால் இன்னும் துலங்கும். மோசமான நீளம் 5 முதல் 8 மில்லிமீட்டர் வரை உள்ள நடுப்பகுதி. அடர்ந்த இடம் கரிக்கட்டையாகக் கறுத்துவிடும், ஐதான இடத்தை மூடும் நீளமோ இன்னும் வந்திராது. அதற்குக் கீழே நிற்கலாம், அல்லது அதைத் தாண்டிப் போகலாம்.

இந்தக் கணக்குக்கு ஈடுகொடுக்கும் டிரிமரில் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, நீளத்தை அரை மில்லிமீட்டர் அரை மில்லிமீட்டராகக் கூட்டிக் குறைக்கும் சக்கரம். 0.5 முதல் 10 வரை போனால் போதும். டவுன் கடைகளில் குவிந்திருக்கும் மலிவான, கைக்கு அடக்கமான உலோக டிரிமர்களோடு இரண்டு மூன்று பிளாஸ்டிக் சீப்புகள் மட்டுமே வரும். விளிம்பு எடுக்க அவை அருமையானவை. நீளம் காக்க ஆகா. சீப்பை மாட்டிவிட்டு விரலால் அழுத்திப் பார்த்தால் தெரியும். அது ஒரு மில்லிமீட்டர் உள்ளே அமுங்கினால், 3 என்று நினைத்து ஓட்டும் கை 2க்கு வெட்டிவிடும். ஐதான கன்னத்தில் அந்த ஒரு மில்லிமீட்டர் பெரிய இழப்பு.

இரண்டு, பற்றரி. லித்தியம் பற்றரி தீரும் தறுவாய் வரை ஒரே வேகத்தில் ஓடும்; பழைய நிக்கல் பற்றரி பாதியிலேயே தளர்ந்து, முடியை வெட்டாமல் கவ்வி இழுக்கும். 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு அறிவித்த காலத்தை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போவதும் மலையில் புதிதல்ல. யூ.எஸ்.பி. வயரில் சார்ஜ் ஆகும் டிரிமரைப் பவர் பேங்கிலும் போட்டுக்கொள்ளலாம்; லயத்து அறையில் பிளக் பொயின்ட் ஒன்றே ஒன்றாக இருக்கும் வீட்டிலும் ஃபோனுக்குப் பக்கத்தில் இடம் கிடைக்கும்.

மூன்று, பிளேடு. தேய்ந்தால் மாற்றுவதற்கு பிளேடு இங்கே கிடைக்குமா என்று வாங்குமுன் கேட்க வேண்டும். பிலிப்ஸின் 'ஒன்பிளேட்' தோலுக்கு மென்மையானது, சுருட்டை முடி உள்ளே வளர்ந்து கொப்புளம் போடுகிறவர்களுக்கு ஏற்றது. ஆனால் அதன் பிளேடு ஒவ்வொன்றும் நான்கு மாதம் வரைதான் என்று கம்பனியே சொல்கிறது. 2022 ஓகஸ்ட்டில் அரசாங்கம் முந்நூறுக்கும் மேற்பட்ட பொருட்களின் இறக்குமதியை நிறுத்தியபோது வாசனைத் திரவியமும் ஷாம்புவும் அந்தப் பட்டியலில் இருந்தன. மாற்றுப்பொருளை வெளிநாட்டிலிருந்தே எதிர்பார்க்கும் கருவி எதையும் அந்த அனுபவத்தோடு சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். தன்னைத் தானே தீட்டிக்கொள்ளும் சாதாரண எஃகு பிளேடுக்கு வேண்டியதெல்லாம் மாதம் இரண்டு முறை ஒரு சொட்டு எண்ணெய். அது தையல் மெஷின் எண்ணெயாக இருக்கட்டும். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் விட்டால் மறுநாள் காலைக் குளிரில் பற்களுக்கு நடுவே உறைந்து, மோட்டார் முனகும்; நாளாக நாளாகப் பிசினாகவும் ஆகிவிடும். டிரிமர் பழுதென்று கடைக்குக் கொண்டுவருவதில் சில இந்த உறைந்த எண்ணெயைத் துடைத்தாலே ஓடக்கூடியவை.

சலூனில் வெட்டிக்கொள்பவர்கள் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். தலைமுடி மெஷினின் எண்களும் தாடி டிரிமரின் எண்களும் ஒன்றல்ல. மெஷினில் ஒன்றாம் நம்பர் என்பது 3 மில்லிமீட்டர், இரண்டாம் நம்பர் 6, மூன்றாம் நம்பர் கிட்டத்தட்ட 10. வீட்டு டிரிமரில் 2 என்றால் 2 மில்லிமீட்டரேதான். "அண்ணே, ரெண்டு போடுங்க" என்று சொல்லி உட்கார்ந்த தம்பி எழும்பும்போது தான் நினைத்த மூன்று மடங்கு நீளத்தோடு, மிகச் சரியாக அந்த மோசமான நடுப்பகுதியில் நிற்பார். மில்லிமீட்டரில் சொல்லிவிட்டால் இந்தக் குழப்பமே இல்லை.

இனி இவற்றையெல்லாம் ஒரு முகத்தில் வைத்துப் பார்ப்போம். தலவாக்கலையில் கடையொன்றில் நிற்கும் இருபத்துமூன்று வயது இளைஞர் என்று கொள்வோம். மீசையும் தாடையும் அடர்த்தி. வாயின் இரு ஓரங்களிலும் மீசை தாடியோடு சேரவில்லை. வலது கன்னத்தின் நடுவில் கட்டைவிரல் அகலத்துக்கு ஐது. தொட்டால் பிஞ்சு ரோமம் இருக்கிறது, சொறி இல்லை, செதில் இல்லை. நோய் அல்ல என்று எடுத்துக்கொள்ளலாம்.

முதல் நான்கு வாரம் அவர் கழுத்தைத் தவிர எதையும் வெட்டக்கூடாது. தாடி நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் வளர்வது. நான்கு வாரத்தில் 10 மில்லிமீட்டரை எட்டும். கழுத்தில் குரல்வளை மேட்டுக்கு மேலே இரண்டு விரல் வைத்து, அதற்குக் கீழ் உள்ளதை மட்டும் எடுத்துவிடலாம். கன்னத்தின் மேல்கோட்டை இப்போது தொடவே கூடாது, ஏனென்றால் அங்கே உதிரியாகத் தெரியும் முடிகள்தான் பிறகு இடைவெளியின் மேல் சாயப்போகிறவை. இரவுகளில் பயறளவு தேங்காய் எண்ணெய், தோலுக்கு.

நான்காம் வார முடிவில் முகம் கழுவி, நன்றாகக் காய வைத்து, பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் நின்று பார்க்க வேண்டும். தலைக்கு மேல் எரியும் பல்ப் கன்னத்தில் நிழல் விழுத்தி இடைவெளியை மறைத்துவிடும். ஈர முடி நீண்டு படிந்து ஏமாற்றும். முடியை மேலிருந்து கீழாகச் சீவும்போது கன்னத்து ஐது மூடிக்கொண்டால் அவர் நீளத் தாடிக்குப் போகலாம். கன்னம் 10, தாடை 7, மீசை நுனியை வெட்டாமல் கீழே இறக்கி, ஒரு அரிசியளவு பாம் வைத்துப் படிய விட்டால் வாயோரம் சேர்ந்ததுபோல் ஆகிவிடும்.

மூடவில்லை என்றால் அந்த நீளத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குவதில் பயனில்லை. கட்டைத் தாடிக்கு இறங்க வேண்டும். டிரிமரை 6இல் வைத்து முகம் முழுக்க ஒருமுறை, முடி வளரும் திசைக்கு எதிராக. பிறகு 4. அடுத்து 3, கன்னத்தில் இதோடு நிறுத்தம். தாடையோரம் 2.5, முகவாய் 2, மீசை 2. எப்போதும் பெரிய எண்ணிலிருந்து கீழே வர வேண்டும். தவறாகக் குறைத்த ஒரு மில்லிமீட்டரைத் திரும்பப் பெற மூன்று நாள் ஆகும். ஒவ்வொரு இறக்கத்திலும் இரண்டடி பின்னால் போய்ப் பார்த்து, கன்னமும் தாடையும் ஒரே கறுப்பாகத் தெரியும் இடத்தில் நிறுத்திவிடலாம். நான்கு நாளில் ஒன்றேகால், ஒன்றரை மில்லிமீட்டர் வளர்ந்து சமநிலை கெட்டுவிடும் என்பதால், கட்டைத் தாடிக்காரருக்கு வாரம் இரண்டு முறை டிரிமர் எடுக்க வேண்டிவரும். இவருக்குப் பாம் தேவையே இல்லை.

இரண்டும் போதாது, முடியே முளைக்க வேண்டும் என்கிறவர்கள் வந்து நிற்பது மினொக்சிடில் வாசலில். இது எண்ணெய் அல்ல, மருந்து. தலைவழுக்கைக்கு அமெரிக்காவில் 1988இல் அனுமதி பெற்றது; தாடிக்கென்று அனுமதி பெற்றதல்ல. என்றாலும் தாடியில் சோதித்த ஆய்வு ஒன்று உண்டு. தாய்லாந்தில் 48 ஆண்களில் பாதிப் பேருக்கு மூன்று சதவீத மினொக்சிடிலும் மீதிப் பேருக்கு மருந்தில்லாத திரவமும் பதினாறு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். 2016இல் வெளியான முடிவில் மருந்து பூசியவர்களுக்கே தாடி கூடியிருந்தது. ஆக, முளைக்க வைக்கிறது என்று நேர்மையாகச் சொல்லக்கூடிய பொருள் இது ஒன்றுதான். கூடவே தோல் காய்தல், அரிப்பு, சிலருக்குப் படபடப்பு, தலைச்சுற்று. இதய நோய் உள்ளவர்களும் இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர்களும் டொக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. நான்கு மாதத்துக்குமுன் பலன் எதிர்பார்க்கவும் முடியாது.

மலையகத்து வீட்டுக்கு இன்னொரு எச்சரிக்கை மிக முக்கியம். மினொக்சிடில் பூசிய தோல் பட்டுப் பட்டுக் கைக்குழந்தைகளின் உடலில் அடர்ந்த முடி வளர்ந்த சம்பவங்கள் ஐரோப்பாவில் பதிவாகி, 2024இல் அங்குள்ள மருந்து ஒழுங்குமுறை அமைப்பு அதைக் குறித்து எச்சரித்தது. முகத்தில் பூசுவதென்றால் ஆபத்து இன்னும் அருகில், ஏனென்றால் குழந்தையைத் தூக்கினால் முதலில் உரசுவது கன்னந்தான். ஒரே அறையில் அக்கா குழந்தையும் தாய்மாமனும் ஒரே தலையணையைப் பகிரும் லயத்து வீட்டில் இந்த மருந்தைப் பூசுகிறவர், மருந்து காயும் வரை குழந்தையைத் தூக்கக்கூடாது; கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும்; தலையணை உறை தனியாக இருக்க வேண்டும். பூனைக்கு இது விஷம். நக்கிவிட்டால் செத்துப்போகவும் கூடும்.

மினொக்சிடிலோடு சேர்த்து விற்கப்படும் ஊசி உருளையை ஒருவருக்குமேல் பயன்படுத்தக்கூடாது. தோலில் இரத்தம் காண வைக்கும் எதுவும் சவர பிளேடைப் போன்றதுதான். மஞ்சள் காமாலைக் கிருமி அதன் வழியாகப் பரவும். அண்ணன் தம்பி மூவரும் ஒரே டிரிமரை ஓட்டும் வீடுகளில் ஆளுக்கு ஆள் நடுவே பிளேடைக் கழற்றித் தூரிகையால் முடியைத் தட்டி, சர்ஜிக்கல் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்துக் காயவிட வேண்டும். பிறகு அந்த ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய். அவர்களில் ஒருவருக்குப் படர்தாமரை இருக்கிறதென்றால், குணமாகும் வரை அவருக்குத் தனி பிளேடு.